ஜிபேல வெறும் ஐயாயிரம் வந்துச்சு, எதுக்குன்னு ஒரு வார்த்தை இல்ல

வாசகி கடிதம்:

"வணக்கம் மேடம். எனக்கு வியாசர்பாடி. தி.நகர்ல ஒரு அக்காவோட பொட்டிக்ல நாலு வருஷமா டெய்லர், மாசம் 14,000. 2022 ஏப்ரல்ல அக்காவுக்கு கைமாத்தா 15,000 கையில குடுத்தேன், எழுதி எதுவும் வாங்கல, 'ஐயாயிரம் ஐயாயிரமா தந்துடறேன்'னாங்க. 2024 ஜூலைல என் பழைய ஓவர்லாக் மெஷின 8,000-க்கு எடுத்துக்கிட்டு 3,000 தான் குடுத்தாங்க. போன ஆகஸ்ட்ல வீட்டுல வெச்சு நாலு ப்ளவுஸுக்கு ஆரி வேலை பண்ணேன், 4,800 வரணும். செப்டம்பர் சம்பளத்துல 5,000 பாக்கி வேற. 2025 அக்டோபர் 8-ஆம் தேதி சாயங்காலம் ஜிபேல 5,000 வந்துச்சு, மெசேஜ் எதுவும் இல்ல. நான் கைமாத்துக் காசுன்னு நெனச்சு நோட்டுல எழுதிட்டேன். தீபாவளிக்கு முந்தின நாள் வரைக்கும் வேலைக்குப் போயிட்டு நின்னுட்டேன். இப்போ அக்கா, 'அது அக்டோபர் சம்பள அட்வான்ஸ், நின்னுட்டல்ல, திருப்பிக் குடு, இல்லன்னா போலீஸ்ல சொல்லுவேன்'ங்கறாங்க. திருப்பிக் குடுக்கணுமா? கைமாத்து மூணு வருஷம் தாண்டிடுச்சு, அது போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, அதுக்காவது இந்த 5,000-த்த வெச்சுக்கலாமா? பணம் வந்த அன்னிக்கு மட்டும் பையன் ஸ்கூல் வேன் பீஸுக்காக அக்காவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தேன், 2024 டிசம்பர்ல அக்கா 'உன் பதினஞ்சு ஞாபகம் இருக்கு, பொங்கல் முடியட்டும்'னு வாட்ஸ்அப்ல அனுப்பினதும் இருக்கு."

வழக்கறிஞர் பதில்:

திருப்பிக் குடுக்க வேண்டாம்மா. மொதல்ல அத மனசுல வெச்சுக்கிட்டு மிச்சத்த படிங்க. போலீஸ்ங்கற பேச்சுக்கும் பயப்படாதீங்க, உங்களுக்குள்ள இருக்கறது குடுக்கல் வாங்கல் கணக்கு, இது சிவில் விஷயம். ஏமாத்தணும்னு மொதல்லயே பிளான் பண்ணி வாங்கினாதான் அது மோசடி, நீங்க கேட்டு, அவங்களா போட்ட பணத்துல அதுக்கு எடமே இல்ல. ஸ்டேஷன்ல இருந்து யாராவது கூப்பிட்டா போயி, கணக்க ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, அங்க வெச்சு பணம் குடுக்கறதா மட்டும் எதுலயும் கையெழுத்து போட்டுடாதீங்க.

இப்போ அந்த ஐயாயிரத்துக்கு வருவோம். உங்க கணக்குல அது மெஷின் விலையா இருக்கலாம், ஆரி வேலைக்கு கூலியா இருக்கலாம் (4,800-அ ரவுண்டா போட்டிருப்பாங்கன்னு சொல்லலாம்), சம்பள பாக்கியா இருக்கலாம், கைமாத்துல ஒரு தவணையா இருக்கலாம், நாலுக்கும் அந்தத் தொகை பொருந்துது. இந்த மாதிரி தனியா வந்த பணத்த எதுல வரவு வெக்கறதுங்கறதுக்கு நம்ம நாட்டுல சட்டம் புதுசு இல்லம்மா, 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்துல 59, 60, 61-னு மூணு பிரிவு இதுக்குன்னே இருக்கு. ஒன்னுக்கு மேல பாக்கி இருக்கறவங்க ஒரு தொகை குடுத்தா என்ன பண்றதுங்கறதுதான் அதுல இருக்கு, மணியார்டர் காலத்துக்கு எழுதினது ஜிபேக்கும் அப்படியே பொருந்துது.

யாரு சொல்றது செல்லும், எந்த வரிசையில

மொத உரிமை பணம் குடுக்கறவங்களுக்கு. குடுக்கும்போதே "இது இன்னதுக்கு"ன்னு சொல்லிட்டா, அதுக்குத்தான் வரவு வெக்கணும், வாங்கறவங்க அத ஏத்துக்கிட்டு வேற பாக்கில கழிச்சுக்க முடியாது. வாயால சொல்லலன்னாலும், எதுக்குன்னு சூழ்நிலையே காட்டிக்குடுத்தா அதுவும் சொன்னதுக்குச் சமம். இது 59. சொல்லவும் இல்ல, சூழ்நிலைலயும் ஒரு தடயமும் இல்லன்னா அப்பதான் உரிமை வாங்கினவங்க கைக்கு வருது, அவங்க இஷ்டப்பட்ட பாக்கிக்கு வெச்சுக்கலாம், காலம் தாண்டின கடனுக்குக் கூட வெச்சுக்கலாம், இது 60. ரெண்டு பேருமே எதுவும் சொல்லாம விட்டுட்டா எது பழசோ அதுலருந்து வரிசையா கழியும், இது 61.

நீங்க நோட்டுல கைமாத்துன்னு எழுதினது 60-ஆம் பிரிவு உங்களுக்குக் குடுக்கற உரிமைன்னு யாராவது உங்ககிட்ட சொல்லியிருக்கலாம், இல்ல நீங்களே அப்படி நெனச்சிருக்கலாம், தப்பான நெனப்பு இல்ல அது. ஆனா அந்தப் படிக்கு வர்றதுக்கு முன்னாடி 59-அ தாண்டியாகணும், உங்க விஷயம் அங்கயே நின்னுடுது. ஏன்னா அந்த வாய்ஸ் மெசேஜ்.

நீங்க கடைசி வரில எழுதின விஷயம்தான் முக்கியம்

சட்டப் புத்தகத்துல 59-ஆம் பிரிவுக்கு கீழ ரெண்டு உதாரணம் குடுத்திருக்காங்க. ஒன்னுல, ஒருத்தர் பல பாக்கி வெச்சிருக்கார், அதுல ஒரு புரோநோட்டு ஆயிரம் ரூபாய்க்கு, கெடு ஜூன் 1. ஆயிரம்ங்கற தொகைல வேற பாக்கி அவருக்கு இல்ல. ஜூன் 1-ஆம் தேதி அவர் ஆயிரம் குடுத்தா அது அந்த நோட்டுக்குத்தான். இன்னொன்னுல பாக்கிகள்ல ஒன்னு 567 ரூபாய், வரவேண்டியவர் அந்த 567-அ கேட்டு லெட்டர் போடறார், பதிலுக்கு 567 வருது. எதுக்குன்னு எழுதாம வந்தாலும் கேட்ட பாக்கிக்குத்தான் அது போய்ச் சேரும்.

மொத உதாரணம் உங்களுக்கு உதவாது. தொகைய வெச்சு கண்டுபிடிக்கணும்னா அந்தத் தொகை ஒரே ஒரு பாக்கிக்கு மட்டும் பொருந்தணும், உங்களுக்கு நாலுக்கும் பொருந்துதே. ரெண்டாவது உதாரணம் மட்டும் உங்களுக்காகவே எழுதின மாதிரி இருக்கு. நீங்க அன்னிக்கு வாய்ஸ் மெசேஜ்ல என்ன கேட்டீங்கங்கறதுதான் கேள்வி. "அக்கா வேன் பீஸ் கட்டணும், செப்டம்பர் பாக்கிய போட்டு விடுங்க"ன்னு கேட்டிருந்தா, அடுத்த ஒரு மணி நேரத்துலயோ அன்னிக்கு ராத்திரிக்குள்ளயோ சரியா 5,000 வந்திருந்தா, அது செப்டம்பர் சம்பளம்தான், அதுல பெரிய வாதமே இல்ல. நீங்க சும்மா "அக்கா வேன் பீஸுக்கு கொஞ்சம் பணம் வேணும்"னு மட்டும் சொல்லியிருந்தா கொஞ்சம் வழுக்கும், அப்பக்கூட சம்பளம் வாங்கற பொண்ணு மாசத்தோட ஆரம்பத்துல முதலாளிகிட்ட பணம் கேக்கறது சம்பள பாக்கியத்தான்னு சொல்ல எடம் இருக்கு. அதனால இன்னிக்கே அந்த வாய்ஸ திரும்ப கேளுங்க, அதுல இருக்கற வார்த்தைய ஒன்னு விடாம பேப்பர்ல எழுதுங்க, அனுப்பின நேரத்தையும் பணம் வந்த நேரத்தையும் பக்கத்துல பக்கத்துல குறிச்சு வையுங்க.

இந்த எடத்துல உங்களுக்கு ஒரு ஆசை வரும்னு எனக்குத் தெரியும்மா, கைமாத்துக்குத்தான் எழுத்தே இல்லையே, மத்ததுக்கெல்லாம் ஏதோ ஒரு ஆதாரம் இருக்கே, அப்போ இந்த 5,000-த்த கைமாத்துல கழிச்சுட்டு மத்தத தனியா கேட்டா லாபம்தானேன்னு. கணக்கு சரிதான். ஆனா உங்க குரல்லயே சம்பளம்னு கேட்டிருக்க, உங்க நோட்டுல கைமாத்துன்னு எழுதியிருந்தா, எதிர்த்தரப்பு வக்கீல் மொதல்ல அத ரெண்டையும் பக்கத்துல வெச்சுத்தான் கேள்வி கேப்பார், அதுக்கு நீங்க தடுமாறினா நெஜமா வரவேண்டிய மத்த பாக்கி மேலயும் சந்தேகம் வந்துடும். பழைய வரிய அழிக்காதீங்க, பேப்பர கிழிக்காதீங்க, அதுக்குக் கீழ இன்னிக்குத் தேதி போட்டு "வாய்ஸ் மெசேஜ் திரும்பக் கேட்டதுல இது செப்டம்பர் சம்பள பாக்கின்னு தெரிஞ்சது"ன்னு எழுதுங்க. திருத்தினது தெரியற நோட்டு நல்ல நோட்டு, அடிச்சு அழிச்ச நோட்டுதான் கோர்ட்ல பிரச்சனை.

அட்வான்ஸ்னு அக்கா சொல்றத அப்படியே எடுத்துக்கிட்டா கூட

பணம் குடுக்கும்போது சொல்லாம, சண்டை வந்தப்புறம் வந்து "அது இதுக்கு"ன்னு பேரு மாத்தற உரிமை அக்காவுக்கு இல்ல. 59 குடுக்கற உரிமை குடுக்கற நேரத்தோட முடிஞ்சுபோகும். அட்வான்ஸ்னு சொல்றவங்கதான் அத நிரூபிக்கணும், பேங்க் ஸ்டேட்மெண்ட் காட்டினா பணம் கைமாறினது தெரியும், எதுக்காக மாறினதுங்கறது தெரியாது. அதோட, போன மாச சம்பளத்துலயே 5,000 பாக்கி வெச்சிருக்கறவங்க அடுத்த மாசத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாங்கன்னு சொன்னா யாரு நம்புவாங்க, சொல்லுங்க.

ஆனா இதவிட பெரிய விஷயம் ஒன்ன நீங்க கணக்குலயே சேக்கல. தீபாவளி அக்டோபர் 20, நீங்க 19 வரைக்கும் வேலைக்குப் போயிருக்கீங்க. அந்த 19 நாள் சம்பளம் எங்க? 14,000-அ 31 நாளுக்கு வகுத்தா ஒரு நாளுக்கு 451 ரூபாய்க்கு மேல வருது, 19 நாளுக்கு சுமார் 8,580. (சில கடைல 26 வேலை நாளுக்கு வகுப்பாங்க, லீவு நாள எண்ண மாட்டாங்க, உங்க கடைல எப்படின்னு பழைய சம்பளக் கணக்கப் பாத்து வெச்சுக்கோங்க.) அது அட்வான்ஸாவே இருந்தாலும் அந்த அட்வான்ஸுக்கு மேலயே நீங்க உழைச்சுட்டீங்க, திருப்பிக் குடுக்க அதுல என்ன மிச்சம் இருக்கு?

ஒரு தடவ பேப்பர்ல போட்டுப் பாருங்க. செப்டம்பர் பாக்கி 5,000, அக்டோபர் 8,580, மெஷின் 5,000, ஆரி 4,800, கைமாத்து 15,000, மொத்தம் 38,380. வந்த 5,000 போக 33,380. இந்த 5,000-த்துக்கு அக்கா அட்வான்ஸ்னு பேரு வெச்சா அக்டோபர்ல கழியும், செப்டம்பர் பாக்கி அப்படியே நிக்கும், மொத்தம் அதே 33,380. நீங்க கைமாத்துன்னு வெச்சாலும் அதேதான். பேரு எதுவா இருந்தாலும் அவங்கதான் உங்களுக்குத் தரணும், நீங்க அவங்களுக்கு இல்ல. அவங்க பக்கத்துலருந்து வரக்கூடிய ஒரே நியாயமான பேச்சு "சொல்லாம கொள்ளாம நின்னுட்டா, ஒரு மாச நோட்டீஸ் குடுக்கல"ங்கறதுதான், அப்படி ஒரு பேச்சு வேலைக்குச் சேரும்போதே இருந்துச்சா, எதுலயாவது கையெழுத்து போட்டீங்களான்னு யோசிச்சுப் பாருங்க, இருந்தா வக்கீல்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

கைமாத்து மூணு வருஷம் தாண்டிடுச்சா

மொத்தம் மாறலன்னா பேரு எதுக்கு முக்கியம்னு கேப்பீங்க. காலக்கெடுவுக்காகத்தான். காலவரையறைச் சட்டம் 1963-ன்படி கடனுக்கும் மூணு வருஷம், பொருள் வித்த விலைக்கும் மூணு வருஷம், செஞ்ச வேலைக்கும் சம்பளத்துக்கும் மூணு வருஷம், அதுக்குள்ள கேஸ் போடணும். கைமாத்து 2022 ஏப்ரல், அப்போ 2025 ஏப்ரலோட முடிஞ்சுதுன்னு உங்க பக்கத்துல இருக்கறவங்க சொன்னது பாதி சரி. மீதி பாதி 18-ஆம் பிரிவுல இருக்கு. கெடு முடியறதுக்கு முன்னாடியே, பாக்கி இருக்குன்னு கடன் வாங்கினவங்க எழுத்துல ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டா அந்தத் தேதிலருந்து மூணு வருஷம் புதுசா ஓடும். அக்காவோட மெசேஜ் 2024 டிசம்பர்ல வந்தது, அப்போ கெடு முடிய இன்னும் நாலு மாசம் இருந்துச்சு. அதுலருந்து எண்ணினா 2027 டிசம்பர் வரைக்கும் உங்களுக்கு நேரம் இருக்கு.

இதுல ரெண்டு பலவீனம் இருக்கு, மறைக்காம சொல்லிடறேன். ஒன்னு, "உன் பதினஞ்சு"ன்னு சொன்னது பதினஞ்சாயிரம் ரூபாய் கடனத்தான்னு காட்டணும், அந்த மெசேஜுக்கு முன்னாடி நீங்க என்ன கேட்டிருந்தீங்க, பின்னாடி என்ன பதில் போட்டீங்கங்கறது அங்க உதவும், அதனால அந்த ஒரு வரிய மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்காம மேலயும் கீழயும் சேத்து எடுங்க. ரெண்டாவது, சட்டம் கையெழுத்துன்னு கேக்குது, வாட்ஸ்அப்ல டைப் பண்ணினது கையெழுத்துக்குச் சமமான்னு அவங்க வக்கீல் கண்டிப்பா கேப்பார், நம்ம பக்கம் பதில் சொல்ல எடம் இருக்கு, ஆனா ஜெயிச்சாச்சுன்னு நெனச்சு உக்காந்துடக் கூடாது.

வந்த 5,000-த்த நீங்களா கைமாத்துல கழிச்சுக்கிட்டா கெடு புதுசாகுமான்னா ஆகாது. 19-ஆம் பிரிவுல பாதிப் பணம் குடுத்தாலும் கெடு புதுசாகும்னு இருக்கு, ஆனா கெடுவுக்குள்ள, அந்தக் கடனுக்குன்னு அவங்க குடுத்திருக்கணும், குடுத்ததுக்கு அவங்க எழுத்தோ கையெழுத்தோ இருக்கணும். உங்க நோட்டு உங்க எழுத்துதானே. போன வருஷம் என்கிட்ட வந்த ஒரு பெரியவர் இதுலதான் மாட்டினார். பக்கத்து வீட்டுக்காரருக்கு கடன் குடுத்திருந்தார், அவர் அப்பப்போ போட்ட சின்னச் சின்னப் பணத்தையெல்லாம் டைரில கடன்ல வரவு வெச்சிருந்தார், அழகா கோடு போட்டு எழுதியிருந்தார், அந்த டைரிய நம்பி கெடுவ விட்டுட்டார். அந்தப் பணமெல்லாம் பால் சீட்டுக்கும் தண்ணி லாரிக்கும் பங்கு போட்டதுன்னு எதிர்த்தரப்பு சொன்னப்போ எங்ககிட்ட மறுத்துக் காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்ல. எனக்கு இன்னும் அது உறுத்துது.

இப்போ என்ன பண்ணணும்

போன்ல பேசாதீங்க, சண்டை போடாதீங்க. வாட்ஸ்அப்ல ஒரே ஒரு மெசேஜ், மரியாதையா, இந்த மாதிரி:

"அக்கா, அக்டோபர் 8 சாயங்காலம் நீங்க ஜிபேல போட்ட 5,000 நான் அன்னிக்குக் கேட்ட செப்டம்பர் சம்பள பாக்கி, அதுல வரவு வெச்சுட்டேன், செப்டம்பர் கணக்கு முடிஞ்சது. இன்னும் வரவேண்டியது: அக்டோபர் 1 முதல் 19 வரைக்கும் சம்பளம், ஓவர்லாக் மெஷின் விலைல பாக்கி 5,000, நாலு ப்ளவுஸ் ஆரி வேலைக்கு 4,800, 2022 ஏப்ரல்ல நீங்க வாங்கின கைமாத்து 15,000. எப்போ தருவீங்கன்னு எழுதி அனுப்புங்கக்கா."

இத அனுப்பினப்புறம் பேரு மாத்தக் கூடாது, அதனால வாய்ஸ் மெசேஜ கேட்டு உறுதி பண்ணிட்டு அனுப்புங்க. இதுக்கு அக்கா "கைமாத்து அப்புறம் பாக்கலாம், மொதல்ல சம்பளத்த முடிச்சுக்கலாம்"னு ஒரு வரி போட்டாலே உங்களுக்குப் பலம். "தர முடியாது"ன்னு போட்டா கூட எதையெல்லாம் மறுக்கறாங்க, எத மறுக்கலன்னு தெரிஞ்சுடும். நேர்ல உக்காந்து பேசி முடிக்க வந்தாங்கன்னா 15,000 தரணும்னு ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்கிடுங்க, காலம் தாண்டின கடனாவே இருந்தாலும் எழுதிக் கையெழுத்து போட்ட வாக்குறுதி செல்லும்னு ஒப்பந்தச் சட்டம் 25-ஆம் பிரிவுல இருக்கு, கையெழுத்து சண்டையும் அதோட தீந்துடும். இனிமே அவங்க எந்தப் பணம் போட்டாலும் வந்த அன்னிக்கே "இது இன்னதுக்கு வரவு வெச்சிருக்கேன்"னு பதில் போட்டுடுங்க.

பத்து நாள்ல பதில் வரலன்னா வக்கீல் பீஸுக்கு நீங்க கடன் வாங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் பண்ணுங்க, இல்ல ஐகோர்ட் வளாகத்துல சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ கேட்டுட்டுப் போங்க. கேஸ் போடறதுக்கு முன்னாடியே அங்க மனு குடுக்கலாம், அக்காவுக்கு நோட்டீஸ் அனுப்பி ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுவாங்க, லோக் அதாலத்ல ஒத்துக்கிட்டு முடிச்சா அது கோர்ட் தீர்ப்பு மாதிரியே செல்லும், அப்பீல் கிடையாது. சம்பளத்துக்கு மட்டும் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துல இருக்கற தொழிலாளர் துறைலயும் மனு குடுக்கலாம், ஆனா மெஷினும் கைமாத்தும் அங்க வராது. உங்களுக்கு எல்லாம் ஒரே ஆள்கிட்டங்கறதால மொதல்ல சட்ட உதவிக்குப் போறதுதான் நல்லதுன்னு எனக்குத் தோணுது, நாலு எடத்துல அலைய வேண்டாம்.

போகும்போது பேங்க்ல அக்டோபர் மாச ஸ்டேட்மெண்ட் சீல் வெச்சு வாங்கிட்டுப் போங்க, ஜிபேல இருக்கற 12 இலக்க யூபிஐ நம்பரையும் எழுதிக்கோங்க. அக்கா சேட்ல மெசேஜ் தானா மறையற செட்டிங் ஆன்ல இருந்தா இப்பவே ஆஃப் பண்ணுங்க. மெசேஜெல்லாம் கோர்ட்ல குடுக்கும்போது 2023-ஆம் வருஷத்து சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவுல ஒரு சான்றிதழ் சேக்கணும், அத வக்கீல் பாத்துப்பாங்க, ஆனா அதுக்கு அந்த வாய்ஸும் சேட்டும் இருக்கற அதே போன் வேணும். தீபாவளிக்குப் போன் மாத்தியிருந்தீங்கன்னா பழையத எக்ஸ்சேஞ்சுக்குக் குடுத்துடாதீங்க, பையன் கைல கேம் ஆடவும் குடுத்துடாதீங்க, சார்ஜ் போட்டு பீரோல வையுங்க.